ஒரு முறை பாசிட்டிவ், அடுத்த முறை நெகட்டிவ்: எதை எடுத்துக்கொள்வது?

*டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 44. ஈரோட்டில் ஒரு நூல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்ததில், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பாசிட்டிவ் என்று வந்தது. ஹீமோகுளோபின் 10.2. எனக்கு மூலம் உண்டு. எங்கள் டாக்டர் பூச்சி மாத்திரையும், வைட்டமின் சி சேர்ந்த இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். அதில் நெகட்டிவ். சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் நார்மல். வீட்டுக்காரர் "அதான் சரியாயிடுச்சே" என்கிறார். ஆனால் என் அப்பாவுக்கு 54 வயதில் பெருங்குடலில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் ஆனது. இப்போது 65, நன்றாக இருக்கிறார். அவருடைய தங்கை, என் அத்தை, 48 வயதில் கர்ப்பப்பை புற்றுநோயில் இறந்துவிட்டார். என் தம்பிக்கு 39 வயது. நான் கொலனோஸ்கோபி செய்தே ஆக வேண்டுமா? தம்பியும் பார்க்க வேண்டுமா? – வாசகி, ஈரோடு.*

கேமரா வைத்த குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்க்கும் அந்தக் கொலனோஸ்கோபியைச் செய்தே ஆக வேண்டும் அம்மா. இந்த மாதத்துக்குள் நாள் வாங்கிவிடுங்கள். தம்பிக்கும் பார்க்க வேண்டும். ஆனால் அவருக்கு எப்போது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பது உங்கள் அப்பாவின் பழைய ஃபைலில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த இரண்டு ரிப்போர்ட்டுகள். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்க இரண்டு விதமான பரிசோதனைகள் இருக்கின்றன. நம் ஊர் செக்கப் பேக்கேஜ்களில் பெரும்பாலும் வருவது பழைய வகை. கையாக் என்ற மரப்பிசின் தடவிய அட்டையில் மலத்தைச் சிறிது பூசி, அதன் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலைச் சொட்டு விடுவார்கள். ரத்தத்தில் உள்ள ஹீம் என்ற பொருள் இருந்தால் அட்டை நீலமாகும். இந்த வேதிவினைக்கு அது யாருடைய ரத்தம் என்று தெரியாது. முந்தின நாள் சாப்பிட்ட ஆட்டுக்கறியில் இருக்கும் ரத்தமும் நீலமாக்கும். வயிற்றுப் புண்ணிலிருந்து வந்த ரத்தமும், கொக்கிப்புழு கடித்த இடத்தில் கசிந்த ரத்தமும் அப்படித்தான். உங்கள் டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். அது அர்த்தமில்லாத காரியம் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் போதாது.

இந்த அட்டைக்கு எதிர்ப்பக்கமும் ஒரு பலவீனம் உண்டு. வைட்டமின் சி உடம்பில் அதிகமாக இருந்தால், ரத்தம் இருந்தாலும் அட்டை நீலமாகாது. ஒரு நாளைக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி போகிறவர்களுக்கு இந்த டெஸ்ட் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம் என்பதால், சாம்பிள் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். நீங்கள் இரண்டாவது சாம்பிள் கொடுத்தபோது வைட்டமின் சி கலந்த மாத்திரையை ஒரு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். மாத்திரைப் பட்டையின் பின்னால் எத்தனை மில்லிகிராம் என்று போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். அது குறைவான அளவாகவே இருந்தாலும், அந்த நெகட்டிவுக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

குடலில் இருக்கும் கட்டியோ, கட்டியாக மாறப்போகும் பாலிப் என்ற சதை வளர்ச்சியோ தினமும் ரத்தம் விடுவதில்லை. மலம் உரசிக்கொண்டு போகும் நாளில் கொஞ்சம் கசியும், பிறகு பத்து நாள் சும்மா இருக்கும். கசிந்த ரத்தமும் மலம் முழுக்கச் சீராகக் கலப்பதில்லை. ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. இதனால்தான் பழைய அட்டை முறையில் மூன்று வெவ்வேறு நாள் மலத்தைக் கேட்பார்கள். அந்த மூன்றில் ஒன்று பாசிட்டிவ் ஆனாலே முடிவு பாசிட்டிவ்தான். இரண்டு நெகட்டிவ், ஒரு பாசிட்டிவ், ஆகவே பெரும்பான்மை நெகட்டிவ் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. உங்களுக்கு நடந்ததும் அதேதான். நடுவில் ஒரு மாத இடைவெளி, அவ்வளவுதான். ஒரு நாள் ரத்தம் இருந்தது. இன்னொரு நாள் இல்லை, அல்லது இருந்தும் தெரியவில்லை. முதல் நாள் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இரண்டாவது ரிப்போர்ட்டில் பதில் இல்லை.

பாசிட்டிவ் வந்தால் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்வது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை, எல்லா நாட்டிலும் நடக்கிறது. நோயாளிக்கும் அது பிடிக்கும், டாக்டருக்கும் சங்கடமில்லை. ஆனால் எந்த வழிகாட்டி நெறியும் அதை ஏற்பதில்லை. மலப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் அடுத்த படி கொலனோஸ்கோபி. நடுவில் வேறு படி கிடையாது.

சாம்பிள் கொடுத்த நாள் மாதவிலக்கு நாளாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்திருந்தால் அந்த ரத்தம் கலந்திருக்க வாய்ப்புண்டு. லேபில் இதைக் கேட்டுவிட்டுத்தான் சாம்பிள் வாங்க வேண்டும், கேட்பதில்லை. வேறு யாராவது இதைக் காரணமாகச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் யோசித்திருப்பேன். உங்கள் விஷயத்தில் அதுவும் முடிவை மாற்றாது. அப்பாவுக்கு வந்த நோயை மட்டும் வைத்தே உங்களுக்கு நான்கு வருடத்துக்கு முன், 40 வயதில், கொலனோஸ்கோபி ஆகியிருக்க வேண்டும்.

மூலத்தைப் பற்றி. மூலத்தில் ரத்தம் வரும், உண்மை. பெரும்பாலும் அது பளிச்சென்ற சிவப்பில், மலத்தின் மேலோ கோப்பையிலோ சொட்டாகக் கண்ணுக்கே தெரியும். மூலம் இருக்கிறது என்பது, மேலே பாலிப் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதை வாரா வாரம் பார்க்கிறோம். மூலம் இருப்பவருக்கு மலப் பரிசோதனை பாசிட்டிவ் ஆனாலும் கொலனோஸ்கோபி செய்துவிட வேண்டும் என்பதுதான் நடைமுறை. பெருங்குடல் புற்றுநோய் முற்றிய நிலையில் என்னிடம் வருகிறவர்களில் "மூலம்னு நெனச்சு ரெண்டு வருஷமா மருந்து சாப்ட்டேன்" என்று ஆரம்பிக்காதவர்கள் குறைவு.

சி.இ.ஏ. என்பது நோய் உறுதியான பிறகு, ஆபரேஷனுக்குப் பின் மறுபடி வருகிறதா என்று கண்காணிக்க உதவும் ரத்தப் பரிசோதனை. ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் பெரும்பாலும் அது நார்மலாகவே இருக்கும். பாலிப்பில் ஏறவே ஏறாது என்று வைத்துக்கொள்ளலாம். புகைபிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலேயே கொஞ்சம் ஏறியிருக்கும். செக்கப் பேக்கேஜில் அதை "கேன்சர் டெஸ்ட்" என்று சேர்த்து விற்பதை யாராவது நிறுத்தினால் நன்றாக இருக்கும். வயிற்று ஸ்கேன் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகம் பார்க்க நல்ல கருவி. காற்றும் மலமும் நிறைந்த குடலுக்குள் ஒரு சென்டிமீட்டர் பாலிப்பை அது காட்டாது.

சரி, பாசிட்டிவ் என்றால் புற்றுநோயா? பெரும்பாலும் இல்லை. இதற்கு நல்ல கணக்கு புதிய வகைப் பரிசோதனையில் கிடைக்கிறது. அதை ஃபிட் என்பார்கள். மனித ரத்தத்தில் உள்ள குளோபின் புரதத்தை மட்டும் பிடிக்கும் பரிசோதனை அது. ஆட்டுக்கறி, முள்ளங்கி, வைட்டமின் சி எதுவும் அதைக் குழப்பாது. இரைப்பையிலிருந்து கசியும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துப் போய்விடுவதால், பாசிட்டிவ் வந்தால் பெருங்குடலைச் சந்தேகிப்பதும் எளிது. மேல்நாடுகளில் 50 வயது தாண்டியவர்களில் ஃபிட் பாசிட்டிவ் வந்து கொலனோஸ்கோபி செய்துகொண்ட 100 பேரை எடுத்தால், ஏறக்குறைய 3 முதல் 5 பேருக்குப் புற்றுநோய் இருக்கும். மூன்றில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலோ அடினோமா என்ற வகைப் பாலிப் இருக்கும். மீதிப் பேருக்கு மூலம், சிறு புண், அல்லது ஒன்றுமே இல்லை. உங்கள் வயதுக்கும் குடும்பத்துக்கும் இந்த எண் கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனால் படத்தின் அமைப்பு இதுதான்: புற்றுநோய் சிலருக்கு, எடுத்துவிடக்கூடிய பாலிப் பலருக்கு.

இதில் நடுவில் இருக்கும் கூட்டத்துக்காகத்தான் இத்தனையும் செய்கிறோம். அடினோமா புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் வரை எடுக்கும். கொலனோஸ்கோபி செய்யும்போதே அதைக் கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துவிடலாம். வேறு எந்த உறுப்பிலும் புற்றுநோய் ஆரம்பிப்பதற்கு முன்பே, பரிசோதனை மேஜையிலேயே அதன் வேரை எடுக்க இவ்வளவு சுலபமான வழி கிடையாது. கர்ப்பப்பை வாய் ஒன்றைத்தான் இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

நான்கு மாதம் வீணாகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கலிபோர்னியாவில் ஃபிட் பாசிட்டிவ் வந்த சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. முதல் மாதத்தில் கொலனோஸ்கோபி செய்தவர்களுக்கும், பத்து மாதத்துக்குள் செய்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பத்து மாதம் தாண்டியபோது புற்றுநோய் ஆபத்து ஏற ஆரம்பித்தது. ஒரு வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது இரண்டு மடங்குக்கும் மேல். முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது மூன்று மடங்குக்கும் மேல். செய்யாமலே விட்டவர்களைப் பற்றி இத்தாலியின் வெனெட்டோ மாநிலத்தில் பார்த்தார்கள். பாசிட்டிவ் வந்தும் கொலனோஸ்கோபிக்கு வராதவர்கள் பத்து வருடத்தில் இந்த நோயால் இறந்தது, வந்தவர்களைப் போல இரண்டு மடங்கு. அப்படியானால் எனக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே என்று வீட்டில் கணக்குப் போட வேண்டாம். அந்தக் கணக்கு எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. உங்களுக்கு ரத்தசோகை இருக்கிறது.

44 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10.2 என்றால் எந்த டாக்டரும் முதலில் மாதவிலக்கைத்தான் நினைப்பார். நானும் அப்படித்தான். ஆனால் அதே ரிப்போர்ட்டில் மலத்தில் ரத்தம் என்றும் இருக்கும்போது, மாத்திரை கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றுவதோடு விட முடியாது. மாத்திரை ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்பும். அளவு ஏறியதைப் பார்த்து எல்லாம் சரியானதாகத் தோன்றும். ஃபெரிட்டின் ஒன்று எடுத்துப் பாருங்கள். உண்மையிலேயே இரும்புச்சத்துக் குறைவா என்று தெரிந்துவிடும்.

இப்போது குடும்பம். இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு எப்போது பார்க்க ஆரம்பிப்பது என்பதைத் தீர்மானிக்க மூன்று கேள்விகள் போதும்: யாருக்கு வந்தது, எத்தனை வயதில் வந்தது, குடும்பத்தில் எத்தனை பேருக்கு. 'யாருக்கு' என்றால் முதலில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர், பெற்ற பிள்ளை. இவர்களில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன்பு வந்திருந்தால், அல்லது இரண்டு பேருக்கு எந்த வயதில் வந்திருந்தாலும், 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது ஆரம்பிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 54. பத்தைக் கழித்தால் 44. நாற்பது அதற்கு முன்பே வந்துவிடுவதால் உங்களுக்கு 40. அப்பாவுக்கு 45-இல் வந்திருந்தால் நீங்கள் 35-இல் ஆரம்பித்திருக்க வேண்டும். எந்தப் பரிசோதனை என்பதும் இங்கே மாறுகிறது: மலப் பரிசோதனை இல்லை, நேராகக் கொலனோஸ்கோபி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. ஒரு தடவை எடுக்கும் ஃபிட் இருக்கும் புற்றுநோயில் நான்கில் மூன்றைத்தான் பிடிக்கும். பெரிய பாலிப்புகளில் நான்கில் ஒன்றைத்தான். குடும்ப ரிஸ்க் இல்லாதவர் வருடா வருடம் எடுத்தால் அந்தக் குறை ஈடாகும். உங்களைப் போன்றவருக்கு அதை நம்பி உட்கார முடியாது. நம் ஊர் பேக்கேஜ்களில் வரும் அட்டை இன்னும் குறைவாகத்தான் பிடிக்கும். உங்களுக்கு அது பாசிட்டிவ் ஆனது நல்லதாகப் போயிற்று. நெகட்டிவ் ஆகியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

நோய் அறுபதுக்குப் பிறகு ஒரே ஒருவருக்கு வந்திருந்தால் இவ்வளவு கடுமை இல்லை. 40-இல் ஆரம்பித்து, மற்றவர்கள் செய்யும் அதே பரிசோதனைகளை அதே இடைவெளியில் செய்தால் போதும். சித்தப்பாவுக்கோ தாத்தாவுக்கோ மட்டும் முதுமையில் வந்தது என்றால் பொதுவாக அது கணக்கை மாற்றாது. வீட்டுக்காரரின் குடும்பத்தில் வந்தது உங்களுக்குச் சேராது. உங்கள் பிள்ளைகளுக்குச் சேரலாம்.

அத்தை விஷயம் வேறு. அப்பாவுக்கு 54-இல் பெருங்குடல், அவருடைய தங்கைக்கு 48-இல் கர்ப்பப்பை. இந்த இரண்டும் ஒரே குடும்பத்தில், ஒரே தலைமுறையில், இவ்வளவு சீக்கிரம் வந்தால் லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரை நிலையை நினைக்க வேண்டும். செல் பிரியும்போது டி.என்.ஏ.வில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணு ஒன்று பழுதாகவே பிறப்பது இது. பெருங்குடல் புற்றுநோய் வந்த 100 பேரில் சுமார் 3 பேருக்கு இது இருக்கும். இருப்பவர்களுக்குப் பெருங்குடலிலும் கர்ப்பப்பையின் உட்சுவரிலும் இளவயதிலேயே புற்றுநோய் வர வாய்ப்பு அதிகம். சினைப்பை, இரைப்பை, சிறுநீர்க்குழாய் ஆகியவற்றிலும் ஓரளவுக்கு. அப்பாவிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகன் மகள் பேதமில்லை.

ஆனால் ஒன்றை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். நம் வீடுகளில் 'கர்ப்பப்பை புற்றுநோய்' என்று சொன்னால் அது பெரும்பாலும் கர்ப்பப்பை வாயில் வருவது. அது ஹெச்.பி.வி. வைரஸால் வருகிறது, இதற்குச் சம்பந்தமில்லை. அத்தைக்கு வந்தது வாயிலா, உட்சுவரிலா? அத்தை வீட்டில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஏதாவது இருக்கிறதா என்று மாமாவிடமோ அத்தை பிள்ளைகளிடமோ கேளுங்கள். 'எண்டோமெட்ரியம்' என்ற சொல் அதில் இருந்தால் உட்சுவர். 'செர்விக்ஸ்' என்றிருந்தால் வாய். துக்கமான விஷயத்தைக் கிளறுகிறோமே என்று தயங்குவீர்கள். அத்தை பிள்ளைகளுக்கும் இந்தப் பதில் தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது அப்பாவின் ஃபைல். ஆபரேஷன் ஆன இடத்தில் பயாப்ஸி ரிப்போர்ட் கேட்டு வாங்குங்கள். அதில் லின்ச் சந்தேகத்துக்குக் கட்டியில் செய்யும் பரிசோதனையான எம்.எம்.ஆர். அல்லது எம்.எஸ்.ஐ. என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். பதினோரு வருடத்துக்கு முன்பு நம் ஊரில் எல்லோருக்கும் அதைச் செய்யவில்லை, ஆகவே இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பரவாயில்லை. எடுத்த கட்டியின் துண்டை மெழுகுக் கட்டியில் பதித்து, எண் போட்டு, லேபில் வைத்திருப்பார்கள்; அதை பிளாக் என்பார்கள். இன்னும் இருந்தால், அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து நான்கு புரதங்களுக்குச் சாயம் போட்டுப் பார்க்கலாம். நான்கும் இருந்தால் லின்ச் சந்தேகம் பெரும்பாலும் விலகும். ஏதாவது காணாமல் போயிருந்தால் அடுத்தது அப்பாவின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. பிளாக் கிடைக்காவிட்டால் நேராகவே ரத்தத்துக்குப் போகலாம். அப்பா உயிரோடு நன்றாக இருப்பது இங்கே பெரிய உதவி. இந்தப் பரிசோதனையை எப்போதும் நோய் வந்தவரிடம்தான் தொடங்க வேண்டும். உங்களுக்கு முதலில் செய்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், குடும்பத்திலேயே பழுது இல்லையா, அல்லது அப்பாவிடம் இருந்தும் உங்களுக்கு வராமல் தப்பித்தீர்களா என்று தெரியாமலே போய்விடும்.

அப்பாவுக்கு லின்ச் உறுதியானால், நீங்களும் தம்பியும் அந்த ஒரே மாற்றத்துக்காக ரத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இருப்பவருக்கு ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கொலனோஸ்கோபி. அவர்கள் பொதுவாக 20–25 வயதிலேயே தொடங்க வேண்டியவர்கள். இல்லாதவர் மற்ற எல்லோரையும் போலத்தான். லின்ச் இல்லை என்றாகிவிட்டால், தம்பிக்கு அடுத்த வருடம் 40 ஆனதும் முதல் கொலனோஸ்கோபி, பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. ஃபைல் தேடுவது இழுத்துக்கொண்டே போனால் நான் அவரை ஒரு வருடம் காத்திருக்கச் சொல்ல மாட்டேன், இப்போதே செய்துகொள்ளட்டும். உங்களுக்கு மாதவிலக்கு அதிகமாகவோ, நடுநடுவிலோ படுகிறது என்றால், இதே காரணத்துக்காகப் பெண்கள் நல மருத்துவரிடம் அத்தையின் விஷயத்தைச் சொல்லிக் கர்ப்பப்பையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கொலனோஸ்கோபி. பயப்படும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. சிரமம் முழுவதும் முந்தின நாள்தான். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்துங்கள். மலம் கருத்துப் பிசுபிசுவென்று குடல் சுவரில் ஒட்டிக்கொண்டால் எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய், சுண்டல், கேழ்வரகு, கம்பு வேண்டாம். இட்லி, இடியாப்பம், வெள்ளைச் சாதத்தில் வடிகட்டின ரசம், மோர் என்று ஓட்டிவிடுங்கள். முந்தின நாள் காலை லேசாகச் சாப்பிட்டபின் தெளிந்த திரவங்கள் மட்டும்: இளநீர், வடிகட்டின எலுமிச்சை ஜூஸ், பால் விடாத டீ. சிவப்பு, ஊதா நிறத்தில் எதுவும் குடிக்காதீர்கள். உள்ளே ரத்தம் மாதிரித் தெரியும்.

பேதிக்கான பொடியைத் தண்ணீரில் கலந்து தருவார்கள். அதைப் பாதி முந்தின நாள் மாலை, மீதிப் பாதியை மறுநாள் பரிசோதனைக்கு நான்கைந்து மணி நேரம் முன்பு என்று பிரித்துக் குடித்தால்தான் குடல் நன்றாகச் சுத்தமாகும். ராத்திரியே முழுவதையும் முடித்துவிட்டால், காலைக்குள் மேலிருந்து வரும் பித்தநீர் வலப்பக்கக் குடலில் படிந்துவிடும். குளிர வைத்து, வாயில் தங்கவிடாமல் குடியுங்கள். கடைசியாகப் போவது சிறுநீர் மாதிரி வெளிர்மஞ்சளாகத் தெளிந்திருக்க வேண்டும். இன்னும் கலங்கலாக இருந்தால் உள்ளே போகும் முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாள் வாங்கும்போதே அதைச் சொல்ல வேண்டும். தூக்க மருந்து கொடுத்துச் செய்வதால், அன்று வண்டி ஓட்டக் கூடாது. வீட்டுக்காரர் கூட வரட்டும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஆபத்து உண்டா என்றால், உண்டு, மிகக் குறைவு. மலப் பரிசோதனைக்குப் பின் செய்யும் கொலனோஸ்கோபியில் 10,000 பேருக்கு ஐந்து பேர் அளவில் குடலில் ஓட்டை விழலாம்; பதினேழு பேர் அளவில், பெரும்பாலும் பாலிப் எடுத்த இடத்தில், கவனிக்க வேண்டிய அளவுக்கு ரத்தம் போகலாம். வீட்டுக்கு வந்தபின் வயிற்றுவலி கூடிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டிகட்டியாக ரத்தம் போனாலோ உடனே திரும்பிப் போக வேண்டும்.

ரிப்போர்ட் வாங்கும்போது 'நார்மல்' என்ற கடைசி வரியை மட்டும் பார்க்காதீர்கள். குழாய் பெருங்குடலின் ஆரம்பம் வரை, அதாவது சீக்கம் வரை போனதா என்று எழுதியிருக்க வேண்டும். குடல்வால் துவாரத்தின் படம் ஒட்டியிருந்தால் அதுவே அத்தாட்சி. குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பதற்கு பாஸ்டன் ஸ்கோர் போடுவார்கள். மூன்று பகுதிக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் 2-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுத்தமில்லாத குடலில் 'நார்மல்' என்றால், பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொண்டு மறுபடி செய்ய வேண்டும். நல்ல முறையில் செய்து ஒன்றும் இல்லை என்றால், வேறு யாராக இருந்தாலும் பத்து வருடம் கழித்து வரச் சொல்வோம். அப்பாவை வைத்து உங்களுக்கு ஐந்து. சின்னதாக ஒன்றிரண்டு அடினோமா எடுத்தாலும் ஐந்துதான். ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மூன்று. எடுத்த பாலிப்பின் பயாப்ஸி வர ஒரு வாரம் ஆகும். அதை வாங்காமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. குடல் சுத்தமாக இருந்தும் ரத்தசோகை தொடர்ந்தால், மேலே இரைப்பையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லாத மற்ற வாசகர்கள் தங்கள் வயதைக் கேட்பார்கள். அமெரிக்காவில் 45-இல் தொடங்கச் சொல்கிறார்கள். அங்கே அரசு அமைத்த நிபுணர் குழு 2021-இல் 50-ஐ 45 ஆக்கியது. பிரிட்டனில் 50 முதல் 74 வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஃபிட் டப்பாவை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் 50-இலிருந்து வருடா வருடம். இந்தியாவில் இந்த நோய் அந்த நாடுகளை விடக் குறைவு. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றும்தான் இருக்கின்றன. என் கருத்து: 50 வயதில் ஃபிட் எடுக்கத் தொடங்கி வருடா வருடம் 75 வரை எடுங்கள், அல்லது பத்து வருடத்துக்கு ஒரு கொலனோஸ்கோபி. வசதி இருந்தால் 45-இலேயே. பேக்கேஜில் எந்த வகை மலப் பரிசோதனை என்று கேட்டு, ஃபிட் இருந்தால் எடுங்கள். பாசிட்டிவ் வந்தால் கொலனோஸ்கோபி செய்யத் தயாரில்லை என்றால் எதுவுமே எடுக்க வேண்டாம். மலத்தில் கண்ணுக்கே ரத்தம் தெரிகிறவர்கள், மலம் கழிக்கும் பழக்கம் சில வாரமாக மாறியவர்கள், காரணமில்லாமல் எடை குறைகிறவர்கள் யாரும் இந்த டெஸ்டைத் தேடிப் போகக் கூடாது. அவர்கள் எந்த வயதானாலும் நேராக டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் நாள் வாங்கப் போகும்போது இரண்டு மல ரிப்போர்ட்டையும், ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டையும், அப்பாவின் பயாப்ஸி தாளையும் எடுத்துப் போங்கள். அப்பாவின் வயதையும் அத்தையின் வயதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். "ரெண்டாவது டெஸ்ட் நெகட்டிவ்" என்பதைக் கடைசியில் சொன்னால் போதும்.